கூலியின் உச்சவரம்பை யார் தீர்மானிக்கிறார்கள்?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி போன்ற சிற்றூர்களிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் செல்லும் இளைஞர்கள், கூலி குறித்துப் பேசுவது ஆள்சேர்ப்பவரிடம்தான். "கம்பெனி ரேட் இவ்வளவுதான்" என்பதே அவருடைய விடை. அது வெறும் சாக்கு அன்று. ஆலைக்கும் ஏஜென்சிக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே அவருடைய கை கட்டப்பட்டுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளிக்கு ஆலை மாதம் 20,250 ரூபாய் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. கூலியின் மீது ஏஜென்சி வைக்கும் மார்க்கப் 35 விழுக்காடு. 20,250-ஐ 1.35ஆல் வகுத்தால் கிடைப்பது 15,000. அதுவே கூலியின் உச்சவரம்பு.

மீதமுள்ள 5,250 ரூபாய் முழுவதும் ஏஜென்சியின் இலாபம் அன்று. வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 13 விழுக்காடு 1,950 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு 488 ரூபாய். போனசுக்காக ஒதுக்கும் 8.33 விழுக்காடு 1,250 ரூபாய். இவை போக மிஞ்சுவது 1,562 ரூபாய். அலுவலகச் செலவு, ஆலையின் பணம் வரும்வரை வாங்கும் கடனுக்கான வட்டி, இலாபம் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

ஆள்சேர்ப்பவர் 16,000 ரூபாய் தர விரும்பினால் என்னவாகும்? வைப்பு நிதிப் பங்கு 15,000 ரூபாய் உச்சவரம்பில் நின்றுவிட்டாலும், மொத்தச் செலவு 19,803 ரூபாயாகிறது; மிச்சம் 447 ரூபாய் மட்டுமே. எனவே பில் தொகை உயராமல் கூலி உயர இடமில்லை. பில்லில் சேரும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்கக் கூடாது. அது அரசுக்குச் செல்லும் வரி. ஏஜென்சியின் வருவாய் அன்று.

ஒப்பந்தத்தைப் பிடிக்க ஏஜென்சிகள் போட்டியிட்டு மார்க்கப்பைக் குறைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. குறைத்துக் கேட்ட தொகையைத் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இதைச் சம்பளச் சீட்டே காட்டிக்கொடுக்கும். 15,000 ரூபாய் கூலியில் தொழிலாளியின் வைப்பு நிதிப் பிடித்தம் 1,800 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 113 ரூபாய். பிடித்தம் இவற்றைவிட அதிகமாக இருந்தால், முதலாளியின் பங்கும் கூலியிலிருந்தே எடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறு எடுப்பதைச் சட்டம் தடை செய்கிறது. பிடித்த பணம் கணக்கில் சேர்ந்ததா என்பதை வைப்பு நிதிப் பாஸ்புக்கில் சரிபார்க்கலாம்.

ஏஜென்சி கூலியைத் தராமலோ குறைத்துத் தந்தாலோ, அதைத் தரும் பொறுப்பை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஆலையின் மீது சுமத்தியது. அச்சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்துள்ள தொழில் பாதுகாப்புத் தொகுப்பின் 55ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் இது பேசிய கூலிக்கான பாதுகாப்பு மட்டுமே. பேசும் கூலியே உயர வேண்டுமெனில், கோரிக்கை மனு பில் தொகையை நிர்ணயிக்கும் ஆலை நிர்வாகத்தின் மேசைக்குச் செல்ல வேண்டும்.