0.4 எங்கிருந்து வந்தது?

நம் காலடியில் கிடக்கும் பாறையைக் கையில் எடுத்து அளந்தால், அதே அளவு தண்ணீரைவிட இரண்டே முக்கால் மடங்கு எடை இருக்கும். ஆனால் பூமி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீரைப்போல ஐந்தரை மடங்கு அடர்த்தி. 1798இல் ஹென்றி காவண்டிஷ் லண்டனில் தன் வீட்டிலேயே ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டுச் செய்த சோதனையிலிருந்து இது தெரியும். மேலே லேசு, மொத்தத்தில் கனம் என்றால், உள்ளே எங்கோ மிகக் கனமான பொருள் இருக்கிறது. எங்கே? பூமி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிறதா, நடுவில் கட்டியாகத் திரண்டிருக்கிறதா?

இதற்குப் பதில் சொல்லும் எண் ஒன்று உண்டு. சுழலும் பொருளின் எடை அதன் அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. பாடப்புத்தகத்தில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். பொருளின் ஒவ்வொரு துளியையும் எடுத்து, அதன் நிறையை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பதுதான் அது. கூட்டி வந்ததை மொத்த நிறை M, ஆரம் R-இன் வர்க்கம் இரண்டின் பெருக்கமான MR²-ஆல் வகுத்துவிட்டால் வெறும் எண் ஒன்று மிஞ்சும். பூமிக்கு அது சுமார் 0.33. உள்ளும் புறமும் ஒரே அடர்த்தியுள்ள திண்மக் கோளத்துக்கு அது சரியாக 0.4, அதாவது ஐந்தில் இரண்டு. பூமியின் 0.33 எதைச் சொல்கிறது என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கோளத்தை அப்படியே எடுத்துக் கணக்குப் போடுவது சிரமம். துளிக்குத் துளி தூரம் மாறுகிறது. அதனால் பீட்ரூட்டை அரிவதுபோல வட்ட வட்டமாக அரிந்துகொள்கிறோம். ஒரே நிபந்தனை, கத்தி அச்சுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். அப்படி அரிந்தால் ஒவ்வொரு வட்டின் நடுவிலும் அச்சு குத்தி நிற்கும். மெல்லிய வட்டு தன் மையத்தைச் சுற்றிச் சுழலும்போது என்ன மதிப்பு வரும் என்று தெரிந்தால் போதும், மீதி எல்லாம் கூட்டல்தான்.

வட்டின் மதிப்பு நிறை × ஆரத்தின் வர்க்கம் × ½. இந்த ½ பலருக்கு மனப்பாடமாக இருக்கும், காரணம் தெரியாமல். வட்டின் விளிம்பில் இருக்கும் பொருள் ஆரம் முழுத் தூரத்தில் இருக்கிறது. மையத்தில் இருப்பது தூரமே இல்லாமல் இருக்கிறது. வட்டைச் சம பரப்புள்ள வளையங்களாகப் பிரித்துப் பாருங்கள். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு வளையத்தைத் தாண்டும்போதும் தூரத்தின் வர்க்கம் ஒரே அளவில் ஏறும். சுழியத்திலிருந்து முழு அளவு வரை சீராக ஏறும் ஒன்றின் சராசரி, அதில் பாதி. ½ வந்தது அவ்வளவுதான்.

இனி கணக்கு. 10 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை 2 செ.மீ. கனத்தில் பத்து வட்டுகளாக அரிவோம். மேல் ஐந்தும் கீழ் ஐந்தும் ஒன்றுபோல் இருப்பதால் மேல்பாதியை மட்டும் பார்த்தால் போதும். வட்டுகளின் நடுப்பகுதிகள் மையத்திலிருந்து 1, 3, 5, 7, 9 செ.மீ. உயரத்தில் இருக்கும். உயரம் z ஆனால் அந்த இடத்தில் வட்டின் ஆரம் y எவ்வளவு? பிதாகரஸ் தேற்றம் சொல்கிறது: y² = 100 − z². ஐந்து வட்டுகளுக்கும் y² முறையே 99, 91, 75, 51, 19.

அடர்த்தியை 1 என்றே வைத்துக்கொள்வோம். கடைசியில் வகுக்கும்போது அது எப்படியும் அடிபட்டுவிடும். ஒரு வட்டின் நிறை π × y² × 2. அதன் நிலைமத் திருப்புத்திறன் இதில் பாதியை மீண்டும் y²-ஆல் பெருக்கியது, அதாவது π × y² × y². ஐந்து y²-களையும் கூட்டினால் 335. அவற்றின் வர்க்கங்கள் 9801, 8281, 5625, 2601, 361; கூட்டினால் 26,669. இரு பாதிகளையும் சேர்த்தால் நிறை 1340π, நிலைமத் திருப்புத்திறன் 53,338π. இரண்டாவதை முதலாவதால் வகுத்து, R² ஆன 100-ஆலும் வகுத்தால் 0.398.

பத்தே துண்டில் இது! இன்னும் மெல்லியதாக, 1 செ.மீ. கனத்தில் இருபது வட்டுகளாக அரிந்தால் 0.3995 வருகிறது. துண்டின் கனத்தைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாகக் குறைகிறது. கனத்தைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதை ஒரே தாவலில் சொல்வதுதான் தொகையிடல். அதை R, z என்று எழுதினால் இப்படி இருக்கும் (ρ என்பது அடர்த்தி):

I = ½πρ ∫ (R² − z²)² dz (−R முதல் +R வரை)

அடைப்புக்குறியை விரித்தால் R⁴ − 2R²z² + z⁴. ஒவ்வொன்றாகத் தொகையிட்டால் 2R⁵(1 − ⅔ + ⅕), அதாவது (16/15)R⁵. ஆக I = (8/15)πρR⁵. கோளத்தின் நிறை (4/3)πρR³. ஒன்றை மற்றதால் வகுத்தால் ⅖R² நிற்கிறது.

கையால் கூட்டிய அந்த எண்களுக்குள் சூத்திரம் காட்டாத ஒரு விஷயமும் இருக்கிறது. உச்சியில் இருக்கும் வட்டு மேல்பாதியின் நிறையில் கிட்டத்தட்ட 6 சதவீதம். ஆனால் சுழற்சிக்கு அது தரும் பங்கு ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. மையத்தை ஒட்டிய வட்டோ நிறையில் 30 சதவீதம், சுழற்சியில் 37 சதவீதம். நடு இடுப்புதான் எல்லாம். துருவத் தொப்பிகள் சும்மா கூடவே சுற்றுகின்றன.

இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் வழுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். உயரத்துக்குப் பதில் கோணத்தை வைத்துக் கணக்குப் போடும்போது, வட்டின் கனத்தை R dθ என்று எழுதிவிடுகிறார்கள். அது கோளத்தின் மேற்பரப்பில் சாய்ந்து ஓடும் அகலம். வட்டின் கனம் அதுவல்ல. கத்திக்குக் கத்தி நேர் உயரம், அதாவது R sin θ dθ. நடுப் பகுதியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. உச்சிக்குப் போகப் போக மேற்பரப்பு சாய்ந்து படுத்துவிடுவதால், சாய்வு அகலம் உயரத்தைவிடப் பல மடங்கு ஆகிவிடும். இப்படித் தவறாக எழுதி, சரியான நிறையால் வகுத்தால் 0.4க்குப் பதில் 0.44 வருகிறது. பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. கண்டுபிடிக்க நல்ல வழி, அதே வெட்டில் முதலில் நிறையைக் கூட்டிப் பார்ப்பது. கோளத்தின் கன அளவு (4/3)πR³ என்று நமக்குத் தெரியும். சாய்வு அகலத்தை வைத்துக் கூட்டினால் அதைவிடச் சுமார் 18 சதவீதம் கூடுதலாக வரும். நிறையே தப்பு என்றால் மேற்கொண்டு போகத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே ஒன்றுமில்லாத மெல்லிய ஓட்டுக்கு அதே சாய்வு அகலம்தான் சரி. அங்கே பொருள் இருப்பதே மேற்பரப்பில்தானே. பந்துபோன்ற அந்த ஓட்டுக்கு விடை ⅔. பொருள் முழுவதும் வெளியே ஒதுங்கினால் எண் 0.4ஐ விட ஏறுகிறது; நடுவில் திரண்டால் இறங்குகிறது.

இங்கேதான் பூமிக்குத் திரும்ப வேண்டும். பூமியைத் தராசில் போடவோ சுழற்றிப் பார்க்கவோ முடியாது. ஆனால் அதன் இடுப்பு லேசாகப் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால், பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை ஆகாயத்தில் மெதுவாக வட்டமிடுகிறது. இந்த வேகத்தை அளந்தால், புடைப்பினால் துருவ அச்சுக்கும் இடுப்பு அச்சுக்கும் இடையே வரும் நிலைமத் திருப்புத்திறன் வித்தியாசம், துருவ அச்சின் மதிப்பில் எத்தனை பங்கு என்று தெரிகிறது: 0.00327. செயற்கைக்கோள்களின் பாதை எப்படி விலகுகிறது என்று பார்த்தால், அதே வித்தியாசம் MR²-இல் எத்தனை பங்கு என்று தெரிகிறது: 0.00108. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.33. இங்கே R என்பது இடுப்பருகே அளந்த ஆரம்.

0.4 இல்லை. ஆகவே பூமி ஒரே அடர்த்தியுள்ள கோளமாக இருக்கவே முடியாது. சந்திரனுக்கு அதே எண் 0.393, அங்கே மையத்தில் இருக்கும் இரும்பு மிகச் சிறியது. பூமியின் கணக்கு வேறு. செயற்கைக்கோள்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1890களில், ஜெர்மானிய இயற்பியலாளர் எமில் வீகர்ட் பாறை ஓடும் இரும்புக் கருவமும் கொண்ட இரண்டடுக்கு பூமியைக் கணக்குப் போட்டுக் காட்டினார். கருவத்தின் எல்லை சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று நிலநடுக்க அலைகளைக் கொண்டு பீனோ குட்டன்பெர்க் காட்டியது அதற்குப் பின்.

அந்த இரண்டடுக்குக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். இதற்குப் புதிதாக எதையும் வெட்ட வேண்டாம், ⅖ போதும். முழுக் கோளமும் பாறை என்று வைத்து, அதன் அடர்த்தி 4.5 என்று கொள்வோம். அதற்குள் பூமியின் ஆரத்தில் 0.546 பங்கு ஆரமுள்ள சின்னக் கோளம் ஒன்று, பாறையைவிட 6.5 கூடுதல் அடர்த்தியோடு உட்கார்ந்திருக்கிறது. அதாவது கருவத்தின் அடர்த்தி 11. நிறை ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், நிலைமத் திருப்புத்திறன் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 0.546இன் மூன்றாம் அடுக்கு 0.163, ஐந்தாம் அடுக்கு 0.0485. நிறைக்கு 4.5 + 6.5 × 0.163, அதாவது 5.56; காவண்டிஷ் கண்ட ஐந்தரையோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. நிலைமத் திருப்புத்திறனுக்கு 0.4 × (4.5 + 6.5 × 0.0485), அதாவது 1.93. இரண்டையும் வகுத்தால் 0.347.

0.4இலிருந்து பாதித் தூரத்துக்கும் மேல் இறங்கிவிட்டது, ஆனால் 0.33ஐத் தொடவில்லை. ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அடர்த்தி ஒரே சீர் என்று நாம் வைத்துக்கொண்டதுதான் மீதி வித்தியாசத்துக்குக் காரணம். உண்மையில் பாறை அடுக்கு மேலே சுமார் 3.4இல் தொடங்கிக் கீழே 5.6 வரை இறுகுகிறது; கருவமும் தன் விளிம்பில் சுமார் 9.9, பூமியின் மையத்தில் 13. இரண்டு கோளங்களுக்குப் பதில் நாலைந்து கோளங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதே ⅖ஐப் போட்டுக் கூட்டினால் 0.347 இன்னும் கீழே இறங்கும்.