தலைப்பாகை எந்த அளவுக்குக் காரணம்?

'1806 வேலூர்ப் புரட்சிக்குப் புதிய தலைப்பாகை எந்த அளவுக்குக் காரணம்?'

குரூப் ஒன் முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகள் இந்தக் கேள்விக்கு எழுதிய பதிலைத் திருத்தச் சொல்லிக் கொடுத்தாள். கையெழுத்து அழகு, தகவல்களில் பிழை இல்லை. இரண்டாவது பக்கம் முடியும்வரை தலைப்பாகை பற்றி ஒரு வரி இல்லை. கோட்டையின் வரலாறு, கம்பெனியின் வருகை, திப்புவின் வீழ்ச்சி என்று வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் பத்தியின் கடைசி வரி இது: 'வேலூர்ப் புரட்சி இந்திய விடுதலைப் போராட்டத்தின் முதல் முழக்கமாகக் கருதப்படுகிறது.'

நல்ல வாக்கியம்தான். ஆனால் 'புரட்சியின் முக்கியத்துவம் என்ன' என்ற வேறொரு கேள்விக்கான விடை அது. இங்கே கேட்டது காரணத்தை.

வரலாற்றுக் கட்டுரையின் தொடக்கத்தில், கேட்ட கேள்விக்கு நம் தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் சொல்வதைக் கல்லூரி ஆசிரியர்கள் 'தீசிஸ்' என்பார்கள். மைய வாதம் என்று தமிழில் சொல்லலாம். அது தலைப்பையோ பாடத்தின் முன்னுரையையோ திருப்பிச் சொல்வதில்லை. அதை மட்டும் படித்தவருக்கும் நம் விடை இன்னதென்று தெரிந்துவிட வேண்டும்.

அதற்கு முதலில் கேள்வியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. வேலூர்ப் புரட்சி என்பது நிகழ்ச்சி. தலைப்பாகை என்பது கேள்வி கேட்டவரே எடுத்துக் கொடுத்த காரணம். 'எந்த அளவுக்கு' என்பது நாம் செய்ய வேண்டிய வேலை, அதாவது எடை போடுவது. அவளை மறுபடி எழுதச் சொன்னபோது, 'தலைப்பாகை, திப்புவின் குடும்பம், சிப்பாய்களின் குறைந்த சம்பளம் ஆகியவை காரணங்கள்' என்று எழுதினாள்.

"மூணும் காரணம்தானே மாமா? மூணையும் எழுதினா தப்பா?" என்றாள்.

"தப்பு இல்லம்மா. தராசுல எதையும் வைக்காம சரக்கை மட்டும் அடுக்கியிருக்க" என்றேன்.

'ஓரளவுக்குக் காரணம்' என்று எழுதுபவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஓரளவு என்றால் எவ்வளவு, மிச்சம் எதனால் என்பதைச் சொல்லாதவரை அது தீர்ப்பு ஆகாது.

எடை போடத் தகவல் வேண்டும். சென்னை ராணுவத் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் வந்த புதிய விதிகள் சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடுவதைத் தடுத்தன. தாடியை மழிக்கவும் மீசையை ஒரே மாதிரி திருத்தவும் சொன்னன. தோலில் செய்த இலச்சினையோடு, ஐரோப்பியத் தொப்பியின் சாயலில் ஒரு தலைப்பாகையும் வந்தது. அதை அணிந்தால் நம்மைக் கிறிஸ்தவராக்கிவிடுவார்கள் என்ற அச்சம் இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் பரவியது. 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு அதை அணிய மறுத்தது. மறுத்தவர்கள் சிலருக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டார்கள், திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து காலையிலேயே கோட்டையை மீட்டார். அதில் செத்த சிப்பாய்கள் பல நூறு.

இப்போது ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். திப்புவின் பிள்ளைகள் 1799 முதலே வேலூர்க் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். ஏழு ஆண்டுகளில் சிப்பாய்கள் கிளம்பவில்லை. சம்பளக் குறையும் அப்படியே, நெடுநாளாக இருந்ததுதான். ஆக, 'ஏன் 1806-இல்?' என்பதற்கு இந்த இரண்டாலும் விடை சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டில் புதிதாக வந்தது தலைப்பாகை ஆணை.

ஐதராபாத்தைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கேயும் அதே ஆணை போனது, சிப்பாய்கள் முரண்டார்கள். அங்கிருந்த அதிகாரி ஆணையை நிறுத்திவைத்தார். வேலூரில் நடந்ததுபோல் ரத்தம் சிந்தவில்லை. திப்புவின் பிள்ளைகள் இல்லாத ஊரிலும் தலைப்பாகை கொந்தளிப்பைக் கிளப்பியது. ஆனால் கொடியேற்றி ஓர் அரசனை அறிவிப்பது வேலூரில் மட்டும் நடந்தது. அதற்கு ஃபத்தே ஹைதர் போன்ற ஒரு திப்பு மகன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வாதம் தானாகவே உருக்கொண்டுவிடுகிறது. நானும் அவளும் நான்கைந்து முறை அடித்துத் திருத்தி எழுதியது இது:

'1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்ததற்கு முதன்மைக் காரணம் தலைப்பாகை ஆணையே, ஏனெனில் பழைய மனக்குறைகளை அது சமயத்தைப் பறிக்கும் சதி என்ற ஒரே அச்சமாகத் திரட்டியது. ஆனால் அந்தக் கிளர்ச்சி வேலூரில் அரசைப் பிடிக்கும் முயற்சியாக உருமாறியதைத் திப்பு குடும்பம் அங்கிருந்ததைக் கொண்டுதான் விளக்க முடியும்.'

நீளம்தான். ஆனால் அதில் அளவு இருக்கிறது, 'ஏனெனில்' இருக்கிறது, தலைப்பாகையின் வரம்பு எங்கே முடிகிறது என்பதும் இருக்கிறது. கட்டுரையின் வரிசையும் கிடைத்துவிட்டது: முதலில் ஆணையும் அச்சமும், அடுத்து ஏழாண்டு அமைதியும் ஐதராபாத்தும், கடைசியில் கொடி. கோட்டையை யார் கட்டினார்கள் என்பதற்கு இதில் இடமே இல்லை, அதனால் அந்த இரண்டு பக்கம் தானாக உதிர்ந்தது.

வாக்கியம் வாதமா, வெறும் தகவலா என்று அறிய ஒரு வழி உண்டு. அதன் எதிர்வாக்கியத்தை எழுதிப் பார்க்க வேண்டும். 'புரட்சி 1806-இல் நடந்தது' என்பதற்கு எதிர்ப்பக்கம் பேச ஆள் கிடைக்காது. 'முதன்மைக் காரணம் திப்பு குடும்பமே, தலைப்பாகை வெறும் சாக்கு' என்று சொல்ல ஆள் உண்டு, அன்றைக்கே இருந்தார்கள். புரட்சிக்குப் பின் கவர்னர் வில்லியம் பெண்டிங், கிரடாக் இருவரையும் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. திப்பு பிள்ளைகளின் சதி என்று நிறுவினால் ஆணை போட்டவர்களின் பொறுப்பு குறையும் என்பதை நினைவில் வைத்துத்தான் அந்தக் காலத்து அறிக்கைகளைப் படிக்க வேண்டும். விசாரணைக் குழுவோ ஆணை, திப்பு குடும்பம் இரண்டையுமே காரணமாகச் சொன்னது. இதையெல்லாம் பார்த்த பிறகும் இன்னொரு மாணவர் எதிர்ப்பக்கம் நின்று நன்றாக எழுதலாம். அவர் அந்த ஏழாண்டு அமைதிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் வாதம் மாறும். 'வேலூர்ப் புரட்சியை முதல் விடுதலைப் போர் எனலாமா?' என்று கேட்டால் மேலே எழுதிய வாக்கியம் செல்லாது. அங்கே முதலில் 'விடுதலைப் போர்' என்றால் என்ன என்று ஓர் அளவுகோல் வைத்தாக வேண்டும்: கோட்டைக்கு வெளியே ஊர்மக்கள் சேர்ந்தார்களா, ஆங்கிலேயருக்குப் பதில் யாருடைய ஆட்சி என்பது பேசப்பட்டதா என்பது போல. திப்புவின் கொடி இரண்டு கட்டுரையிலும் வரும். முதலில் அது தலைப்பாகையின் வரம்பைக் காட்டியது. இங்கே சிப்பாய்கள் எதற்காக எழுந்தார்கள் என்பதற்குச் சாட்சி சொல்லும்.

மறுநாள் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு வாக்கியம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். 'முதல் முழக்கம்' மறுபடி அதில் வந்திருந்தது. இந்த முறை அதன் பின்னால் ஓர் 'ஏனெனில்' இருந்தது.