பானிபூரி மேல் பழி போடாத அறிக்கை

2003 அக்டோபரில், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மும்பையில் சிலர் வாங்கிய கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் கிளம்பியது. மகாராஷ்டிர மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகம் களத்தில் இறங்கி, புணே பக்கமுள்ள ஆலையில் தயாரான சரக்கைக் கைப்பற்றியது. தொலைக்காட்சிகள் அந்தப் புழுவை நாள் முழுக்கக் காட்டின.

நிறுவனம் விளக்கம் கொடுத்தது. உற்பத்தியின்போது புழு வர வாய்ப்பே இல்லை, கடைகளில் சரியாகப் பாதுகாக்காததுதான் காரணமாக இருக்கும் என்பது அதன் சாரம். அதை அபத்தம் என்று தள்ளிவிட முடியாது. அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் பக்கத்திலேயே சாக்லேட்டை அடுக்கும் கடைகள் நம் ஊரிலும் உண்டு. தானியத்தில் இருக்கும் பூச்சி மெல்லிய உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடியதுதான்.

ஆனாலும் அந்த விளக்கம் எடுபடவில்லை. புழு கடையில்தான் நுழைந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது நுழையும்படி உறையைச் செய்தது யார் என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். ஒரு புகாராக இருந்தது இரு தரப்பு வாக்குவாதமாகி, செய்தியின் ஆயுளைக் கூட்டியது. அந்தப் பண்டிகைக் காலத்தில் விற்பனை சுமார் 30 சதவீதம் சரிந்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. நிறுவனம் கடைக்காரர்களுக்குச் சேமிப்பு முறையைக் கற்றுக்கொடுக்க 'விஸ்வாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2004 ஜனவரியில், வெப்பத்தால் ஒட்டி மூடிய புதிய உறையோடு சாக்லேட் சந்தைக்கு வந்தது. உறையைப் பற்றி அதிகாரிகள் கேட்ட கேள்விக்கு அதுதான் உண்மையான பதில் என்பேன். மூன்று மாதம் தாமதமாக வந்த பதில்.

பொதுமக்களிடமிருந்து புகார் கிளம்பியதும் ஒரு நிறுவனம் வெளியிடும் முதல் அறிக்கையில் இன்னொருவர் மேல் விரல் நீட்டினால், விரல் நீட்டப்பட்டவருக்கும் ஒலிவாங்கி கிடைத்துவிடுகிறது. கடைக்காரர் பேசுவார், அவருடைய சங்கம் பேசும், அதிகாரி பேசுவார். சொன்ன காரணம் நிஜமாகவே இருந்தாலும் இதுதான் நடக்கும். முதல் நாளில் அது நிஜம்தானா என்று நிறுவனத்துக்கே தெரிந்திருக்காது என்பது இன்னொரு சிக்கல்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றை வைத்துப் பார்ப்போம். பெயரில்லாத, கற்பனையான ஒரு தனியார் கல்லூரி. செவ்வாய்க்கிழமை இரவு மகளிர் விடுதியில் சாப்பிட்ட மாணவிகள் சிலருக்கு நள்ளிரவில் வாந்தி. விடியும்போது 23 பேர் மருத்துவமனையில். ஒரு பெற்றோர் தொலைக்காட்சி நிருபரை அழைத்துவிட்டார். ஒன்பது மணிக்குத் திரையின் அடியில் செய்தி ஓடுகிறது. தாளாளர் அறையில் அவசர அவசரமாக ஓர் அறிக்கை தயாராகிறது. முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"எங்கள் கல்லூரியின் வளர்ச்சியைப் பொறுக்காத சில விஷமிகள் பரப்பும் செய்தி முற்றிலும் உண்மைக்குப் புறம்பானது. மாணவியர் வெளியில் வாங்கிச் சாப்பிட்ட பானிபூரியே உடல்நலக் குறைவுக்குக் காரணம். எங்கள் விடுதியில் தரமான உணவே வழங்கப்படுகிறது. அவதூறு பரப்புவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். சம்பந்தப்பட்ட சமையலர் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தரமான உணவு என்றால் சமையலரை ஏன் நீக்கினார்கள்? ஐந்து வரிக்குள் தனக்குத்தானே முரண்படும் இத்தகைய அறிக்கைகள் நமக்குப் புதிதில்லை. பானிபூரிக்காரர் மேல் போட்ட பழியும் சமையலர் மேல் போட்ட பழியும் ஒரே ரகம். இரண்டுமே விசாரணைக்கு முன்னால் கொடுத்த தீர்ப்பு. அந்தச் சமையலர் மறுநாள் ஊடகத்தின் முன் நின்று, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மாதக்கணக்காயிற்று என்று சொன்னால் கல்லூரி என்ன செய்யும்?

அதே காலை, அதே தகவல்களை வைத்து வேறு விதமாகவும் எழுதலாம்:

"செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் மகளிர் விடுதியில் உணவருந்திய மாணவியரில் 23 பேருக்கு நள்ளிரவு முதல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. அனைவரும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இன்று காலை 10 மணி நிலவரப்படி 17 பேர் சிகிச்சை முடிந்து திரும்பிவிட்டனர். 6 பேர் உள்நோயாளிகளாக உள்ளனர். மாணவியரும் அவர்தம் குடும்பத்தாரும் பட்ட அவதிக்கு வருந்துகிறோம். காரணம் இன்னும் தெரியவில்லை. விடுதிச் சமையலறை காலை 7 மணிக்கு மூடப்பட்டது; மாற்று உணவும் குடிநீரும் வெளியிலிருந்து தருவிக்கப்படுகின்றன. எங்கள் தகவலின்பேரில் வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாதிரிகளை எடுத்துச் சென்றுள்ளனர். அவர்களுடைய விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைக்கிறோம். பெற்றோர் விடுதி அலுவலகத்தை எந்நேரமும் தொடர்புகொள்ளலாம். அடுத்த அறிக்கை இன்று மாலை 6 மணிக்கு வெளியிடப்படும்."

இதில் அழகான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு நிருபர் தொலைபேசியில் சரிபார்க்கலாம். முதல் வாக்கியமே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. தொலைக்காட்சியில் ஓடும் வரிக்கு அந்த ஒரு வாக்கியம்தான் போகும் என்பதால், வரலாறும் பெருமையும் அங்கே வந்தால் வீண். மறுப்பிலிருந்து தொடங்கினாலும் ஆபத்துதான். 'விடுதி உணவில் விஷம் இல்லை' என்று கல்லூரி எழுதினால், பாதி கவனத்தோடு பார்ப்பவர் மனத்தில் விஷம் என்ற சொல்தான் நிற்கும்.

'காலை 10 மணி நிலவரப்படி' என்பது இந்த அறிக்கையின் உயிர்நாடி. எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். பகலில் இன்னும் நாலு பேர் மருத்துவமனைக்குப் போகலாம். நேரம் போடாமல் 23 என்று சொல்லிவிட்டு மாலையில் 27 என்றால், கல்லூரி மறைத்தது என்று செய்தி வரும். நேரம் போட்டிருந்தால் இரண்டு எண்ணும் உண்மையாகவே நிற்கும். இன்னொரு கண்ணி, மருத்துவமனை சொல்லும் எண். வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்கிப் போனவர்களை மருத்துவமனை ஒரு கணக்கிலும், படுக்கையில் சேர்த்தவர்களை வேறு கணக்கிலும் வைக்கும். நிருபர் முதலில் அங்கேதான் கூப்பிடுவார். ஆகவே அறிக்கை வெளியே போகுமுன் மருத்துவமனையில் ஒரு தடவை கேட்டு, இரண்டையும் பிரித்தே எழுதவேண்டும். 'அனைவரும் நலமாக உள்ளனர்' என்ற வரியைத் தொடவே கூடாது. அதைச் சொல்லவேண்டியவர் மருத்துவர். ஒரு மாணவிக்கு மதியம் உடல்நிலை மோசமானால் அந்த ஒரு வரி மொத்த அறிக்கையையும் கவிழ்த்துவிடும்.

வருத்தம் தெரிவிக்கும் வரியில்தான் வழக்கறிஞர்கள் தலையிடுவார்கள். வருந்துகிறோம் என்றால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடாதா என்பது அவர்கள் கவலை. அதனால் 'யாருக்கேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்' என்று மாற்றித் தருவார்கள். 23 பேர் மருத்துவமனைக்குப் போயிருக்கும்போது 'ஏற்பட்டிருப்பின்' என்பது பெற்றோர் காதில் நக்கலாகவே விழும். மேலே உள்ள வரைவு, பட்ட அவதிக்கு வருந்துகிறதே தவிர, காரணத்தைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வாக்கியமே காரணம் தெரியவில்லை என்று சொல்கிறது. அந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து நிற்கும்வரை வழக்கறிஞரும் நிம்மதியாக இருக்கலாம்.

புகார் சொன்ன பெற்றோரைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் கிடையாது. அது மறதியால் விட்டுப்போனதில்லை. அவர் ஏன் ஊடகத்துக்குப் போனார், முதலில் நிர்வாகத்திடம் ஏன் வரவில்லை, போன வருடம் கட்டணத் தகராறு செய்தவர்தானே என்பதெல்லாம் தாளாளர் அறையில் பேசப்பட்டிருக்கும். ஒன்றும் தாளுக்கு வரக்கூடாது. மாணவிகள் பெயரும் வரக்கூடாது. சில புகார்களில் இது சட்டமாகவே இருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. பள்ளியின் பெயர்கூட அந்த அடையாளத்தில் அடங்கும் என்பதைப் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன.

மாலை ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டாவது அறிக்கை வந்தே ஆகவேண்டும். எண்ணிக்கையைப் புதுப்பித்து, காரணம் இன்னும் தெரியவில்லை என்று மறுபடி சொன்னால் போதும். சொன்ன நேரத்துக்கு வராத அறிக்கையின் இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். 'நாளையே பரிசோதனை முடிவு' என்று வாக்குக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கும் சறுக்கல். உணவுப் பாதுகாப்புச் சட்டம் பகுப்பாய்வாளருக்கு மாதிரி கிடைத்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம் தருகிறது. அது கல்லூரியின் கையில் இல்லை. ஆகவே முடிவு வர இரண்டு வாரம்வரை ஆகலாம் என்று மாலை அறிக்கையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டு வாரத்தில் ஊடகம் வேறு செய்திக்குப் போயிருக்கும், நாமே எதற்குக் கிளறவேண்டும் என்று நினைப்பார்கள். ஆனால் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். முடிவு வந்ததும் வரவேண்டிய மூன்றாவது அறிக்கைதான் எழுதக் கடினமானது. குடிநீரில் கிருமி இருந்தது என்று வந்துவிட்டால் எழுதுவது ஒருவகையில் எளிது. எது கண்டுபிடிக்கப்பட்டது, தொட்டி எந்தத் தேதியில் சுத்தம் செய்யப்பட்டது, இனி எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் பரிசோதிக்கப்படும், அந்தச் சான்று விடுதியில் எங்கே ஒட்டப்படும் என்பதைத் தேதியோடு எழுதிவிடலாம்.

மாதிரிகளில் குறை ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் கை துறுதுறுக்கும். 'எங்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு பொய் என்று நிரூபணமாகிவிட்டது' என்று எழுதத் தோன்றும். அது நிரூபணமாகவில்லை. அலுவலர்கள் வந்தது புதன்கிழமை காலையில். செவ்வாய் இரவுச் சோறும் குழம்பும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கலாம். அவர்கள் எடுத்தது மளிகைப் பொருளும், அன்று காலைத் தண்ணீருமாக இருந்திருக்கலாம். இதற்காகத்தான் ஒழுங்காக நடக்கும் விடுதிகளில் ஒவ்வொரு வேளை உணவிலும் சிறிது எடுத்து, தேதி எழுதி, குளிர்பெட்டியில் தனியாக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்திராத கல்லூரி மூன்றாவது அறிக்கையில் எழுதக்கூடியது இவ்வளவுதான்: "புதன்கிழமை காலை எடுக்கப்பட்ட மாதிரிகளில் குறைபாடு ஏதும் கண்டறியப்படவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு உணவின் மாதிரி எங்களிடம் இல்லாததால் அது பரிசோதிக்கப்படவில்லை. இன்று முதல் ஒவ்வொரு வேளை உணவின் மாதிரியும் பாதுகாத்து வைக்கப்படும்."