உங்களுக்குத் தெரியுமா? 600 விஏ யுபிஎஸ் 600 வாட் தராது!

சர்ஜ் புரொடெக்டர் திடீரென எகிறும் மின்னழுத்தத்தை மட்டுமே தடுக்கும். அதற்குள் இருக்கும் எம்ஓவி என்ற சிறு பாகம் அந்த அதிகப்படி மின்சாரத்தைத் திசைதிருப்பிவிடும். ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் தேயும். பாதுகாப்பைக் காட்டும் விளக்கு அணைந்துவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். வோல்டேஜ் குறைந்தாலோ கரண்ட் போனாலோ அதனால் எதுவும் செய்ய முடியாது.

அந்த வேலை யுபிஎஸ்ஸுடையது. லைன் இன்டராக்டிவ் வகையில், 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தாலும் உள்ளிருக்கும் ஸ்டெபிலைசர் அதை உயர்த்திக் கொடுக்கும், பேட்டரியைத் தொடாது.

வாங்கும்போது வாட் அளவைப் பாருங்கள். 600 விஏ யுபிஎஸ் பலவும் 360 வாட் வரைதான் தாங்கும். கணினிக்கு 120, மானிட்டருக்கு 25, ரவுட்டருக்கு 10 என்றால் மொத்தம் 155 வாட், தாராளமாகப் போதும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி புதிதாக இருந்தால் சுமார் 10 நிமிடம் கிடைக்கும். கோப்புகளைச் சேமித்து, முறையாக ஷட் டவுன் செய்ய அது போதுமானது.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். உருளையைச் சூடாக்கும்போது அது பல நூறு வாட் இழுக்கும். யுபிஎஸ் ஓவர்லோடாகி, கணினியும் சேர்ந்து அணைந்துவிடும்.

பேட்டரியைச் சோதிக்க, திறந்த கோப்புகளை மூடிவிட்டுச் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். கணினி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி மட்டுமே தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் சரிபாருங்கள். அது இல்லாத பிளக்கில் சர்ஜ் பாதுகாப்பு குறைந்துவிடும்.