மிச்சமான நேரம் யாருக்குச் சொந்தம்?

ஒரு லேத் ஆபரேட்டரிடம் ஒரு வேலை வருகிறது. ஜாப் கார்டில் அதற்குக் குறித்திருக்கும் நேரம் 10 மணி. கூலி மணிக்கு 100 ரூபாய். கருவியை முன்கூட்டியே தீட்டி வைத்து, செட்டிங்கை ஒரே தடவையில் சரியாகப் போட்டு, அவர் 8 மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். மணிக்கணக்கில் மட்டும் கூலி என்றால் அந்த வேலைக்கு அவருக்குக் கிடைப்பது 800 ரூபாய். மிச்சமான 2 மணி நேரத்தின் பலன் முழுவதும் முதலாளிக்குப் போகிறது.

பீஸ் ரேட் முறையில் அந்தப் பலன் தொழிலாளிக்கே வரும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளில், தொழிலாளி வேகமாகச் செய்து கூடுதலாகச் சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலாளிகள் ரேட்டைக் குறைத்தார்கள். இரண்டு தடவை அப்படி ஏமாந்தவர், அடுத்த தடவை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார். இந்தச் சிக்கலுக்கு 1891இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் ஹால்சி ஒரு வழி சொன்னார்: மிச்சமான நேரத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். முதலாளிக்கும் ஆதாயம் இருந்தால் ரேட்டில் கைவைக்கும் ஆசை குறையும் என்பது அவர் எண்ணம்.

இன்று ஹால்சி முறை என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதிதான். நம் ஆபரேட்டருக்கு 8 மணி நேரக் கூலி 800. மிச்சமான 2 மணியின் மதிப்பு 200, அதில் பாதி 100. மொத்தம் 900 ரூபாய்.

1898இல் கிளாஸ்கோவில் கப்பல் எஞ்சின் செய்துவந்த ஜேம்ஸ் ரோவன் கணக்கை மாற்றினார். குறித்த நேரத்தில் எத்தனை சதவீதம் மிச்சமோ, உழைத்த நேரத்தின் கூலியில் அத்தனை சதவீதம் போனஸ். 10இல் 2 மிச்சம் என்றால் 20 சதவீதம். 800இல் 20 சதவீதம் 160. மொத்தம் 960 ரூபாய்.

அப்படியானால் ரோவன்தான் தாராளமா? ஒரு கட்டம் வரைதான். அதே வேலையை 5 மணியில் முடித்தால் இரண்டு முறையிலும் 750 ரூபாய். 4 மணியில் முடித்தால் ஹால்சியில் 700, ரோவனில் 640. அதாவது, பாதி நேரத்துக்குமேல் மிச்சமானால் ஹால்சி முந்துகிறது.

ரோவனில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 6 மணியில் முடித்தவருக்கும் போனஸ் 240, 4 மணியில் முடித்தவருக்கும் அதே 240. ஆனால் மணிக்கு விழும் வருமானம் முன்னவருக்கு 140, பின்னவருக்கு 160. முன்னதாக முடித்தவருக்கு அடுத்த வேலை உடனே கையில் கிடைத்தால்தான் அந்த வித்தியாசம் பையில் சேரும். வேலை வராமல், கூலியும் இல்லாமல் காத்திருந்தால், அவர் வேகத்துக்குத் தண்டனைதான் மிச்சம்.

எத்தனை வேகமாகச் செய்தாலும் ரோவனில் மணி வருமானம் இருமடங்கைத் தொடவே முடியாது. இந்த உச்சவரம்பு முதலாளிக்கான காப்பு. உண்மையில் 4 மணி வேலைக்குத் தவறுதலாக 10 மணி என்று எழுதிவிட்டாலும், போனஸ் கைமீறிப் போகாது.

முதலாளியின் லாபம் கூலியில் மட்டும் இல்லை. மெஷினுக்கும் மின்சாரத்துக்கும் இடத்துக்கும் சேர்த்து மணிக்கு 150 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 10 மணியில் முடியும் வேலைக்கு மொத்தச் செலவு 2,500 ரூபாய். 8 மணியில் முடிந்தால் ஹால்சியில் 2,100, ரோவனில் 2,160. கூலியில் மிச்சமான 200ஐ முழுவதும் தொழிலாளிக்கே கொடுத்தாலும்கூட முதலாளிக்கு 300 மிச்சம். எனவே, 'பாதி கொடுத்தால் கட்டுப்படியாகாது' என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

சூத்திரத்தைவிடப் பெரியது ஜாப் கார்டில் இருக்கும் அந்த '10'. அதை 8 என்று திருத்திவிட்டால் அதே உழைப்புக்குப் போனஸ் பூஜ்யம். நேரம் சரியாகக் குறிக்கப்பட்டதா என்பதைப் பதிவேடே காட்டிக்கொடுக்கும். எல்லாரும் பாதி நேரத்தில் முடித்தால் அளவு தளர்வு. தேர்ந்த கைக்கும் போனஸ் விழாவிட்டால் அளவு இறுக்கம். போனஸோடு கழிவுப் பொருளும் ஏறினால், அவசரத்தில் தரம் போகிறது என்று அர்த்தம்.

எனவே இப்படி ஒரு திட்டத்தில் கையெழுத்திடும் முன் தொழிலாளர்கள் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: நேரத்தை அளந்தது யார், குறித்த நேரத்தைத் தாண்டினாலும் உழைத்த மணிக்கு முழுக் கூலி உண்டா, மெஷினோ வேலைமுறையோ மாறாமல் அந்த நேரத்தைக் குறைக்க மாட்டார்களா. மூன்றாவதற்கு உறுதி இல்லையென்றால், ஹால்சியும் ரோவனும் வெறும் காகிதக் கணக்குதான்.