கொம்பு உடையாத லேபிள்

வீட்டிலேயே இட்லிப் பொடியும் கொத்தமல்லிப் பொடியும் அரைத்து விற்கிற ஒருவருக்கு பிராண்ட் கிட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு லோகோ, இரண்டு நிறம், இரண்டு ஃபான்ட், பாக்கெட் லேபிள், வாட்ஸ்அப் படம், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இருந்தால் எல்லாவற்றையும் இலவச மென்பொருளிலேயே முடித்துவிடலாம்.

எல்லாரும் முதலில் போவது கேன்வாவுக்கு. ஸ்டேட்டஸ் படத்துக்கு அது போதும். லோகோவை மட்டும் அதிலுள்ள டெம்ப்ளேட்டில் செய்யாதீர்கள். அதே இலையை, அதே வட்டத்தைப் பக்கத்துத் தெருக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் பின்னணி நீக்கிய படமாக இறக்கவும் வழியில்லை. லோகோவுக்கு இங்க்ஸ்கேப் நல்லது; எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது.

படம் வரையத் தெரியாதே என்ற கவலை வேண்டாம். கடைப் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டாலே லோகோதான். கூகுள் ஃபான்ட்ஸில் Baloo Thambi 2 பெயருக்குப் பொருந்தும், Mukta Malar சின்ன எழுத்துக்கு. இரண்டையும் வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லோகோவை ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் எழுத்தைக் குறைக்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தை வட்டமாக வெட்டிக் காட்டும் என்பதால் மூலைகளில் எதையும் வைக்காதீர்கள்.

நிறத்துக்கு மிளகாய்ச் சிவப்பு #9C2A1A, வெளிர் மஞ்சள் #FFF4DC என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களை நோட்டில் எழுதி வைத்தால் எல்லா இடத்திலும் ஒரே சிவப்பு வரும்.

உண்மையான தலைவலி அச்சகத்தில்தான். நீங்கள் கொடுத்த கோப்பை அவர்களுடைய பழைய மென்பொருளில் திறந்தால், 'கொத்தமல்லி'யின் கொம்பும் காலும் தனித்தனியே பிய்ந்து, நடுவில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கும். அவசரத்தில் அப்படியே அச்சாகிவிடுவதும் உண்டு. இதற்கு மருந்து இங்க்ஸ்கேப்பிலேயே இருக்கிறது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Path > Object to Path` அழுத்தினால் அது வெறும் கோட்டுருவம் ஆகிவிடும். அப்புறம் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் உடையாது. அதை PDF ஆகச் சேமித்துக் கொடுங்கள். கோடான பிறகு எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது; எனவே மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்துங்கள்.

லேபிளை 6 x 9 சென்டிமீட்டராக வைத்தால் ஒரு A4 ஸ்டிக்கர் தாளில் ஒன்பது அடங்கும். FSSAI தரும் 14 இலக்க எண்ணுக்கு இடம் விடுங்கள். தயாரித்த தேதி மாறிக்கொண்டே இருக்கும். அதை அச்சிடாமல் ரப்பர் ஸ்டாம்பில் குத்துவதே லாபம்.

மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு தாள் எடுங்கள். திரையில் பளிச்சென்றிருந்த நிறம் தாளில் மங்கித்தான் வரும். ஒன்றைப் பாக்கெட்டில் ஒட்டி ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள். மை கலைந்தால் இங்க்ஜெட் வேண்டாம், லேசர் பிரிண்ட் கேளுங்கள்.