உடல் இயங்கும் விதம் – 9: தண்டாலில் மணிக்கட்டு

தண்டால் எடுக்கும்போது உள்ளங்கை தரையில் படுத்திருக்கிறது. முன்கை அதன்மேல் செங்குத்தாக நிற்கிறது. கை நேராக நீட்டியிருக்கும் நிலையைச் சுழியம் என்று வைத்தால், இங்கே மணிக்கட்டு ஏறக்குறைய 90 டிகிரி பின்னால் வளைந்திருக்கிறது. பெரும்பாலோருக்குத் தசை வலிமையால் மட்டும் கையைப் பின்னால் வளைத்தால் 60 முதல் 70 டிகிரி வரைதான் வரும். மற்றொரு கையால் தள்ளினாலோ, உடல் எடை அழுத்தினாலோதான் அது 80-ஐயும் 90-ஐயும் நெருங்கும். எனவே ஒவ்வொரு தண்டாலும் மணிக்கட்டு தன் எல்லைக்கு அருகில் நின்று செய்யும் வேலை.

அந்த எல்லையில் அது தாங்கும் சுமையும் சிறிதல்ல. கால்விரல்களை ஊன்றிக் கைகளை நீட்டி நிற்கும் மேல்நிலையில் உடல் எடையில் 69 விழுக்காடு அளவு கைகளுக்கு வருகிறது. மார்பு தரையை நெருங்கும் கீழ்நிலையில் அது 75 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மேல்நிலையில் இரு கைகளிலும் சேர்த்து 48 கிலோ, ஆக ஒரு கைக்கு 24 கிலோ. இந்தச் சுமை உள்ளங்கையின் எந்த இடத்தின் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைப் பொறுத்தே முன்கைத் தசைகளின் வேலை கூடுகிறது அல்லது குறைகிறது.

சுமை முழுவதும் மணிக்கட்டுக்கு நேர் கீழே, உள்ளங்கையின் அடிமேட்டில் இறங்கினால் தசைகள் பெரிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. எலும்பின்மேல் எலும்பு நிற்கும்; தசைநார்கள் இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அழுத்தத்தின் மையம் விரல் முட்டிகளை நோக்கி நகர்ந்தால் கதை மாறுகிறது. தரை, உள்ளங்கையின் முன்பகுதியை மேல்நோக்கித் தள்ளி, மணிக்கட்டை மேலும் பின்னால் மடிக்கப் பார்க்கிறது. அதை எதிர்த்துக் கையைத் தட்டையாக வைத்திருப்பவை முன்கையின் உள்பக்கத்திலுள்ள மடக்குத் தசைகள். முழங்கையின் உள்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொட்டால், அவற்றில் பலவும் புறப்படும் இடம் அதுதான். அங்கிருந்து கீழே வருபவற்றில் இரண்டு, ஒன்று கட்டைவிரல் பக்கமாகவும் மற்றது சுண்டுவிரல் பக்கமாகவும், மணிக்கட்டை மட்டும் மடக்குபவை. இன்னும் ஆழத்தில் இருப்பவை நான்கு விரல்களுக்கும் நீளமான நாண்களை அனுப்புகின்றன. தண்டாலில் விரல் நுனிகள் தரையை அழுத்தி நகங்கள் வெளுப்பது இந்த விரல் மடக்குத் தசைகள் வேலை செய்வதன் அடையாளம். நிற்கும்போது உடல் முன்னே சாய்ந்தால் கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொள்வதைப் போன்றதுதான் இது.

இதன் விலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மடக்குத் தசைகளின் நாண்கள் மணிக்கட்டு மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1.5 செ.மீ. தள்ளி ஓடுகின்றன, அவற்றுக்குக் கிடைக்கும் நெம்புகோல் அவ்வளவுதான். மேலே சொன்ன 24 கிலோ, மூட்டுக்கு 1 செ.மீ. முன்னால் இறங்கினால் நாண்கள் 16 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். அதே சுமை 4 செ.மீ. முன்னால் இறங்கினால் 64 கிலோ. அந்த இழுவிசை மூட்டையும் சேர்த்து நெருக்குகிறது. முதல் நிலையில் மூட்டின்மேல் மொத்தம் 40 கிலோ அளவுக்கு அழுத்தம் என்றால், இரண்டாவதில் 88 கிலோவை நெருங்கும். உடல் எடை மாறவில்லை, தண்டாலும் மாறவில்லை. அழுத்த மையம் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்ததன் விளைவு இவ்வளவு.

அப்படியானால் அடிமேட்டிலேயே முழு எடையையும் போட்டுவிடலாமே என்று தோன்றும். பழகாதவர்கள் பலரும் இயல்பாகச் செய்வது அதுதான். மணிக்கட்டின் பின்புறத்தில் வலி கிளம்புவதும் பெரும்பாலும் அதனால்தான். மடக்குத் தசைகள் ஓய்ந்திருக்கும்போது மூட்டு தன் கடைசி டிகிரி வரை சரிந்து போய், ஆரை எலும்பின் பின் விளிம்பும் படகு எலும்பும் பின்புறத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நடுவில் இருக்கும் மூட்டு உறை கிள்ளப்படுகிறது. விரல் முட்டிகளும் விரல் நுனிகளும் தரையை ஓரளவு அழுத்தினால் மடக்குத் தசைகள் முன்கையைச் சில டிகிரி பின்னே இழுத்து அந்தக் கிள்ளலை விடுவிக்கின்றன. சுமை அடிமேட்டுக்கும் முட்டிகளுக்கும் இடையே, மூட்டுக்குச் சற்றே முன்னால் இறங்குவது நல்லது. முழுதும் பின்னால் இருந்தால் மூட்டு தண்டனை பெறுகிறது, முழுதும் முன்னால் இருந்தால் தசை.

வலி பின்புறத்தில் இருப்பதால் பின்புறத் தசைகள் பலவீனம் என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. முன்கையின் வெளிப்பக்கத்திலுள்ள நீட்டுத் தசைகள் இந்த நிலையில் சுருங்கித் தளர்ந்தே இருக்கின்றன. மூட்டு ஆடாமல் இருக்க லேசாக உதவுவதோடு சரி.

கோணம் எப்போது 90-ஐத் தாண்டுகிறது என்பது எளிய வடிவக் கணக்கு. மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறக்குறைய 55 செ.மீ. உள்ளவருக்கு, கை நீட்டிய மேல்நிலையில் தோள் 1 செ.மீ. முன்னே போனால் மணிக்கட்டு 1 டிகிரி கூடுதலாக வளைகிறது. தோள் 10 செ.மீ. முன்னே சாய்ந்தால் 100 டிகிரி. பலருக்கு அது இயலாத கோணம் என்பதால் அடிமேடு தரையை விட்டு எழும்புகிறது அல்லது விரல்கள் சுருள்கின்றன. கீழ்நிலையில் கணக்கு இன்னும் கடுமை. முழங்கை மடங்கிவிட்டதால் அங்கே கோணத்தை நிர்ணயிப்பது 25 செ.மீ. நீளமுள்ள முன்கை மட்டும். முழங்கை மணிக்கட்டுக்கு மேல் 1 செ.மீ. முன்னே நகர்ந்தாலே இரண்டு டிகிரிக்கு மேல் கூடிவிடுகிறது. கைகளை இடுப்புப் பக்கம் தாழ்த்தி ஊன்றுபவர்களுக்கு மணிக்கட்டு வலி அதிகம் வருவதன் காரணம் இதுவே. பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்த்து, கீழ்நிலையில் முன்கை செங்குத்தாக நிற்கிறதா என்று சொன்னால் போதும். கைகளைச் சற்று முன்னே வைத்துச் சரிசெய்துவிடலாம். மல்லர்களின் பழைய தண்டாலில் இடுப்பை உயர்த்தித் தொடங்கும்போது மணிக்கட்டு நன்றாகத் திறந்திருக்கும். மார்பு தாழ்ந்து முன்னே போகையில் ஒரே வீச்சில் செங்கோணத்தை எட்டும். நிதானமாகச் செய்யாவிட்டால் அந்த வீச்சின் முடிவில்தான் மணிக்கட்டு அடி வாங்குகிறது.

கை தட்டையாக இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளங்கை முன்-பின்னாகச் சாய்வதைப் போலவே இடம்-வலமாகவும் உருளும். முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முழங்கை மடிப்பு முன்னே பார்க்கும்படி தோளைத் திருகினால், ஆட்காட்டி விரலின் முட்டி தரையை விட்டு எழ முயல்கிறது. எடை சுண்டுவிரல் பக்கம் புரள்கிறது. அதைத் தடுப்பவை கையைக் கவிழ்க்கும் இரண்டு தசைகள். ஒன்று முழங்கையின் உள்முனையிலிருந்து குறுக்காக ஆரை எலும்பின் நடுப்பகுதிக்குப் போகிறது. மற்றொன்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரு முன்கை எலும்புகளையும் பட்டையாக இணைக்கிறது. இவை சோர்ந்துவிட்டனவா என்பதை அறிய ஆட்காட்டி விரலின் முட்டிக்கு அடியில் ஒரு தாளை வைத்துப் பார்க்கலாம். தண்டாலின்போது மற்றொருவர் இழுக்கையில் தாள் வழுக்கி வந்துவிட்டால் அந்தப் பக்கம் எடை இல்லை. நேரான கையில் ஆரை எலும்பு மணிக்கட்டின் சுமையில் ஐந்தில் நான்கு பங்கைத் தாங்குகிறது. மெலிந்த அல்னாவுக்கு மீதி ஒரு பங்குதான். எடை சுண்டுவிரல் பக்கம் புரண்டால் அல்னாவின் முனையிலுள்ள முக்கோணக் குருத்தெலும்பு அதற்குப் பழக்கமில்லாத நெருக்கத்துக்கு உள்ளாகிறது.

மணிக்கட்டு போதுமான அளவு வளையவில்லை என்றால் தடுப்பது எது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். விரல் மடக்குத் தசைகளின் நாண்கள் மணிக்கட்டையும் விரல் மூட்டுகளையும் ஒருசேரக் கடப்பதால் இதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. விரல்களைத் தளர்வாக மடக்கிக்கொண்டு மற்றொரு கையால் மணிக்கட்டைப் பின்னால் தள்ளிக் கோணத்தைக் கவனிக்க வேண்டும்; பிறகு விரல்களை நீட்டிவைத்து அதையே செய்ய வேண்டும். விரல் மடங்கியபோது 85 டிகிரியும் நீட்டியபோது 70 டிகிரியும் வந்தால், முன்கையின் உள்பக்கத்தில் இழுப்பும் தெரிந்தால், குட்டையாக இருப்பவை தசைகள். இரண்டு நிலையிலும் ஒரே இடத்தில் நின்றுபோய், வலி மணிக்கட்டின் பின்புறத்தில் குத்தினால் தடை மூட்டுக்குள் இருக்கிறது. முதல் வகையினருக்கு நீட்சிப் பயிற்சி பயன்படும். இரண்டாம் வகையினர் வலியைப் பொறுத்துக்கொண்டு வளைத்தால் கிள்ளப்பட்ட உறையை மேலும் கிள்ளுவதாகவே ஆகும்.

தசைகளைப் பழக்குவதற்குத் தவழும் நிலை வசதியானது. முழங்கால்களையும் கைகளையும் ஊன்றி, விரல் முட்டிகள் தரையிலேயே இருக்க, அடிமேட்டை மட்டும் மெல்ல உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். மடக்குத் தசைகள் நீண்ட நிலையில் எடையைத் தாங்கப் பழகுவது அந்த இறக்கத்தில்தான். இது எளிதான பிறகு தோளைச் சற்று முன்னே கொண்டுபோய்ச் செய்யலாம்.

அதுவரை தண்டாலை நிறுத்த வேண்டியதில்லை, கோணத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அடிமேட்டிலிருந்து முட்டிகள்வரை 10 செ.மீ. உள்ள கையில், அடிமேட்டுக்குக் கீழே 2 செ.மீ. தடிமனுள்ள பலகையை வைத்து, முட்டிகளைத் தரையில் விட்டால் 11 டிகிரி குறையும். மெத்தென்ற விரிப்பு இதற்கு உதவாது; எடை விழும் அடிமேடு அதில் புதைந்து கோணம் கூடிவிடும். 60 செ.மீ. உயரமுள்ள உறுதியான மேசையில் கைகளை ஊன்றினால் சுமை உடல் எடையின் 41 விழுக்காடாகக் குறைகிறது, கையும் சாய்வாக வருவதால் மணிக்கட்டும் திறக்கிறது. சுவரில் ஊன்றினால் சுமை மிகவும் குறையும், ஆனால் கை சுவருக்குச் செங்குத்தாக இருப்பதால் கோணம் மீண்டும் 90-தான். கைப்பிடிக் கட்டைகளைப் பிடித்தோ, முஷ்டியை ஊன்றியோ செய்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். பின்வளைவின் தொல்லை முழுதாக நீங்கும். அதற்கு ஈடாக, அடியில் பரந்த உள்ளங்கை இல்லாததால் மணிக்கட்டு எந்தப் பக்கமும் மடிந்துவிடக்கூடும். மடக்குத் தசைகளும் நீட்டுத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகிப் பிடிக்க வேண்டும். நீட்டுத் தசைகளுக்கு உண்மையான வேலை வருவது இங்கேதான்.

மணிக்கட்டின் பின்புறத்தில் சிறு கட்டிபோல் புடைத்திருந்தாலோ, தண்டாலுக்குப் பிறகு விரல்களில் மரமரப்பு நீடித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையை ஊன்றி விழுந்த பின் வரும் வலி தனி வகை. கட்டைவிரலை விரித்து உயர்த்தினால் அதன் அடியில் இரு நாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அதை அழுத்தும்போது வலித்தால் படகு எலும்பு முறிந்திருக்க வாய்ப்புண்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமல் போவது உண்டு என்பதால், வலி தொடர்ந்தால் பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கிறார்கள். அதுவரை அந்தக் கையை ஊன்றக் கூடாது.